7-ஆம் எண் குழாயில் இருப்பது எது? கேட்டலேஸ், ஆக்சிடேஸ், சிட்ரேட் மூலம் ஒரு பாக்டீரியாவை அடையாளம் காணுதல்

பயிற்சி ஆய்வகத்தில் ஆளுக்கொரு குழாய் கொடுத்தார்கள். உள்ளே ஏதோ ஒரு பாக்டீரியா, வெளியே வெறும் எண். எனக்கு வந்தது 7. அதை எப்படிப் பெயர் சொல்லும் அளவுக்குக் கொண்டுவந்தேன், நடுவில் எங்கே ஏமாந்தேன் என்பதை அதே வரிசையில் எழுதுகிறேன். உங்கள் குழாயில் வேறு பாக்டீரியா இருந்தாலும் வழி இதுதான்.

படி 1: முதலில் தூய வளர்ப்பு

குழாயிலிருந்து எடுத்ததை மெக்காங்கி அகர், நியூட்ரியண்ட் அகர் இரண்டிலும் கோடிழுத்து, 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைத்தேன். மறுநாள் மெக்காங்கியில் இளஞ்சிவப்பு காலனிகள் வந்திருந்தன. லூப்பால் தொட்டால் பசை போல நூலிழுத்தன. இளஞ்சிவப்பு என்றால் லாக்டோஸைப் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்குகிறது என்று பொருள். எல்லாக் காலனிகளும் ஒரே வடிவில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போக வேண்டும். இரண்டு பாக்டீரியாக்கள் கலந்திருந்தால், இனி நீங்கள் காணும் ஒவ்வொரு முடிவும் இரண்டுக்கும் பொதுவான ஒரு பொய்யாகிவிடும்.

கிராம் சாயமிட்டதில் இளஞ்சிவப்பு நிறத்தில் குட்டையான கோல்கள் தெரிந்தன. ஆக, கிராம் எதிர் கோல் வடிவ பாக்டீரியா. இந்த முடிவு இல்லாமல் பிற சோதனைகளைத் தொடங்காதீர்கள். எந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்பதை கிராம் முடிவுதான் தீர்மானிக்கிறது.

படி 2: கேட்டலேஸ்

ஹைட்ரஜன் பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும் நொதிதான் கேட்டலேஸ்:

2H₂O₂ → 2H₂O + O₂

சுத்தமான ஸ்லைடில் 18 முதல் 24 மணி நேரம் வளர்ந்த காலனியில் சிறிதை மரக்குச்சியால் வையுங்கள். அதன் மேல் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு துளி விட்டு, உடனே பெட்ரி தட்டின் மூடியால் மூடுங்கள்; குமிழிகள் வெடிக்கும்போது பாக்டீரியா காற்றில் தெறிக்கும். நொடிகளில் நுரை பொங்கினால் நேர்மறை. காலனியை முதலில் வைத்து, பெராக்சைடைப் பிறகு விடுவதில் ஒரு காரணம் உண்டு. பெராக்சைடுத் துளிக்குள் உலோக லூப்பை நுழைத்தால், சில கம்பிகள் தாமாகவே குமிழிகளைக் கிளப்பும். இரத்த அகரிலிருந்து எடுக்கும்போதும் கவனம் வேண்டும்: சிவப்பணுக்களிலும் கேட்டலேஸ் இருப்பதால், அகரைச் சுரண்டிவிட்டால் பாக்டீரியாவே இல்லாமலும் நுரை வரும்.

7-ஆம் எண் நன்றாகவே பொங்கியது. உண்மையைச் சொன்னால், இந்த முடிவு எனக்குப் பெரிதாக எதையும் சொல்லவில்லை. குடல்வாழ் கிராம் எதிர் கோல்கள் ஏறக்குறைய எல்லாமே கேட்டலேஸ் நேர்மறைதான். கிராம் நேர் கோளங்களில்தான் இந்தச் சோதனை தன் பலத்தைக் காட்டும்: நுரைத்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் பக்கம், நுரைக்காவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பக்கம்.

படி 3: ஆக்சிடேஸ், நான் ஏமாந்த இடம்

சில பாக்டீரியாக்களின் சுவாசச் சங்கிலியின் கடைசியில் சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது இருந்தால், நாம் தரும் நிறமற்ற வேதிப்பொருள் ஆக்சிஜனேற்றமடைந்து அடர் ஊதாவாகும். அந்த வேதிப்பொருள் டெட்ராமெத்தில் பாரா ஃபினைலீன்டையமீன் டைஹைட்ரோகுளோரைடு; 1 சதவீதக் கரைசலாகப் பயன்படுத்துவோம். காற்று பட்டாலே மெல்ல நீலமாகிவிடும் என்பதால் புதிதாகக் கலக்க வேண்டும். புட்டியிலேயே நிறம் ஏறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

வடிதாளில் கரைசலை ஒரு துளி விட்டு, அதன் மேல் காலனியைத் தேய்த்து, கடிகாரத்தைப் பாருங்கள். 10 வினாடிக்குள் அடர் ஊதா வந்தால் நேர்மறை. ஒரு நிமிடம் கழித்து வரும் நிறத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது காற்றின் வேலை.

நான் வழக்கமான நிக்ரோம் லூப்பைத் தீயில் சுட்டு, ஆறவைத்து, காலனியை எடுத்துத் தேய்த்தேன். ஊதா வந்தது. நோட்டில் 'நேர்மறை' என்று எழுதி, ஏரோமோனாஸ் என்று ஊகிக்கவும் தொடங்கிவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த மூத்த மாணவி, "குச்சியால் தேய்த்தீர்களா, கம்பியாலா?" என்று கேட்டார். சுட்ட நிக்ரோம் கம்பியின் மேற்பரப்பில் உருவாகும் ஆக்சைடுகளே இந்த வேதிப்பொருளை ஊதாவாக்கிவிடும். சோதித்துப் பார்க்க, காலனியே இல்லாமல் வெறும் லூப்பைத் தாளில் தேய்த்தேன். அப்போதும் ஊதா!

மரப் பல்குச்சியால் திரும்பச் செய்தபோது நிறமே வரவில்லை. ஆனால் எதிர்மறை முடிவையும் சும்மா நம்பிவிடக் கூடாது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவையும் எஸ்செரிச்சியா கோலையையும் பக்கத்திலேயே தேய்த்துப் பார்த்தேன். முன்னது உடனே ஊதாவானது, பின்னது ஆகவில்லை. ஆக, கரைசல் சரியாக இருந்தது. இரண்டாவது எச்சரிக்கை: காலனியை நியூட்ரியண்ட் அகரிலிருந்து எடுங்கள். மெக்காங்கியில் லாக்டோஸ் புளித்து உண்டான அமிலம் நேர்மறையையும் எதிர்மறைபோலக் காட்டக்கூடும்.

இந்த ஒற்றை முடிவு சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், விப்ரியோ ஆகியவற்றை ஒரே வெட்டில் விலக்கிவிட்டது. மிச்சம் இருந்தது குடல்வாழ் குடும்பம்: லாக்டோஸ் புளிக்கவைக்கும், ஆக்சிடேஸ் இல்லாத கோல்கள்.

படி 4: சிட்ரேட்

இங்கே கேள்வி: எஸ்செரிச்சியா கோலையா, அதன் உறவினர்களா? சிம்மன்ஸ் சிட்ரேட் அகரில் கரிமத்துக்கு சிட்ரேட் உப்பும், நைட்ரஜனுக்கு அம்மோனியம் உப்பும் மட்டுமே இருக்கும். சிட்ரேட்டை உள்ளே இழுத்து உண்ண முடிந்தால்தான் வளரும். வளரும்போது ஊடகம் காரமாகி, அதிலுள்ள புரோமோதைமால் நீலம் பச்சையிலிருந்து நீலமாகும்.

கோலையிடம் சிட்ரேட்டைச் சிதைக்கும் நொதிகள் இல்லாமல் இல்லை. ஆக்சிஜன் உள்ள சூழலில் அதை உள்ளே கொண்டுவரும் கதவு திறப்பதில்லை. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் தொடங்கிய நீண்டகாலப் பரிணாமச் சோதனையில், 12 கோலை கூட்டங்களில் ஒன்று மட்டும், 31,000-க்கும் மேற்பட்ட தலைமுறைகளுக்குப் பிறகு அந்தக் கதவைத் திறந்துகொண்டது. அவ்வளவு அரிது என்பதால்தான் இந்தச் சோதனையை நம்பிப் பிரிக்க முடிகிறது.

செய்யும்போது ஊசியின் நுனியால் காலனியை லேசாகத் தொட்டு, சாய்வு அகரின் மேற்பரப்பில் ஒரே கோடு இழுங்கள். கட்டியாகப் பூசினால், இறந்த செல்களின் சத்தே வளர்ச்சிக்கு உதவிப் போலி முடிவு தரும். சத்து நிறைந்த திரவ ஊடகத்திலிருந்து எடுப்பதும் அதே தவறு. மூடியைத் தளர்த்தி வையுங்கள், காற்று வேண்டும். 24 மணி நேரத்தில் மாற்றம் இல்லையென்றால் 4 நாள் வரை பாருங்கள். என் குழாய் மறுநாளே மேலிருந்து நீலமாகத் தொடங்கி, 48 மணி நேரத்தில் முழுவதும் நீலமாகிவிட்டது. பக்கத்தில் வைத்திருந்த கோலை குழாய் பச்சையாகவே இருந்தது.

படி 5: மூன்று முடிவுகள் போதாது

லாக்டோஸ் உண்டு, ஆக்சிடேஸ் இல்லை, சிட்ரேட் உண்டு. இவை பொருந்துவது கிளெப்சியெல்லா, எண்டரோபாக்டர், சிட்ரோபாக்டர் மூன்றுக்கும். பிரிக்க இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டேன். ஊசியால் குத்திய அரைத்திண்ம அகரில் குத்திய கோட்டின் மேலேயே வளர்ந்தது, சுற்றிலும் பரவவில்லை. ஆக நகர்வு இல்லை. எண்டரோபாக்டரும் சிட்ரோபாக்டரும் பெரும்பாலும் நகர்பவை. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இண்டோல் உண்டாக்குகிறதா என்று பார்க்கும் சோதனையில் சிவப்பு வளையம் வராததால், இண்டோல் உண்டாக்கும் கிளெப்சியெல்லா ஆக்சிடோகாவும் விலகியது. பசை போல நூலிழுத்த காலனியும் கிளெப்சியெல்லா பக்கமே சுட்டியது.

நோட்டில் 'கிளெப்சியெல்லா நிமோனியே' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் 'கூட்டம்' என்ற சொல்லையும் சேர்த்தேன். அதனோடு மிக நெருங்கிய கிளெப்சியெல்லா வேரிகோலாவை இந்தக் குழாய்ச் சோதனைகளால் நம்பகமாகப் பிரிக்க முடியாது. அதற்கு மரபணு வரிசை பார்க்க வேண்டும்.