பரிமாற்றுச் சார்பில் காணாமல் போகும் ஐகன் மதிப்பு: நிலைவெளி மாதிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்கு அருகில் ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டுப்பாட்டுப் பொறியியல் நடத்தும் எனக்கு, விடைத்தாள்களில் ஆண்டுதோறும் எதிர்ப்படும் ஒரு வரி உண்டு: “பரிமாற்றுச் சார்பின் துருவங்கள் எல்லாம் இடப்பக்கம் உள்ளன, ஆகவே அமைப்பு நிலையானது.” சில கணக்குகளுக்கு இந்த வரி பொருந்திவிடும், சிலவற்றுக்கு முற்றிலும் பொய்யாகிவிடும். எப்போது பொய்யாகிறது என்பதை அறியாமல் எழுதுவதே தவறு.

நிலைவெளி மாதிரியிலிருந்து பரிமாற்றுச் சார்பைப் பெறும் சூத்திரம் G(s) = C(sI − A)⁻¹B + D. நேர்மாறு அணியைச் சேர்ப்பு அணியாகவும் அணிக்கோவையாகவும் பிரித்து எழுதினால், பகுதியில் det(sI − A) வந்து நிற்கிறது. அதன் மூலங்களே A அணியின் ஐகன் மதிப்புகள். இதைப் பார்த்ததும் “துருவங்களும் ஐகன் மதிப்புகளும் ஒன்றே” என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். தொகுதியில் அதே காரணி இருந்து பகுதியோடு அடிபட்டுப் போகலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். துருவம் ஒவ்வொன்றும் ஓர் ஐகன் மதிப்புதான். ஆனால் ஐகன் மதிப்பு ஒவ்வொன்றும் துருவமாகத் தெரிய வேண்டும் என்பதில்லை.

மேலூர்ப் பக்கம் ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்த இரண்டு கண்மாய்களை எண்ணிப் பாருங்கள். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்த நீர் கீழ்க் கண்மாய்க்குப் போகிறது. வழக்கமான நீர்மட்டத்திலிருந்து ஏற்படும் சிறு மாறுதல்களை h₁, h₂ என்றும், மேல் கண்மாய்க்கு வரும் கூடுதல் நீரை u என்றும், காலத்தை நாள் கணக்கிலும் கொள்வோம். (மறுகாலில் பாயும் நீர் உயரத்துக்கு நேர்விகிதமாக இருப்பதில்லை, ஆனால் சிறு மாறுதல்களுக்கு நேர்கோட்டுத் தோராயம் போதும்.) எடுத்துக்காட்டாக h₁′ = −0.5h₁ + u, h₂′ = 0.5h₁ − 0.2h₂ என்று வைத்தால், ஐகன் மதிப்புகள் −0.5, −0.2. அளவுகோலை மேல் கண்மாயில் நட்டால் பரிமாற்றுச் சார்பு (s + 0.2)/((s + 0.5)(s + 0.2)), அதாவது 1/(s + 0.5). கீழ்க் கண்மாயில் நட்டால் 0.5/((s + 0.5)(s + 0.2)). அணி A மாறவே இல்லை. நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பது மட்டுமே மாறியது. முதல் சார்பை மட்டும் நம்பியவர், வெள்ளத்தின் தாக்கம் ஆறே நாளில் பெரும்பாலும் வடிந்துவிடும் என்று கணக்கிடுவார். கீழ்க் கண்மாய் வடிய அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நாளாகும்.

இங்கே மறைந்த மதிப்பு குறையெண், ஆகவே ஆபத்தில்லை. மிகையெண் மறையும்போதுதான் வம்பு. 1/(s − 1) என்ற நிலையற்ற இயந்திரத்துக்கு முன்னால் (s − 1)/(s + 2) என்ற ஈடுசெய்வியை வைத்து, பெருக்கும்போது s − 1 அடிபட்டுவிடும் என்று நினைப்பவர்கள் பலர். இதை நிலைவெளியில் எழுதுவோம். ஈடுசெய்விக்கு z′ = −2z + u, அதன் வெளியீடு −3z + u. இயந்திரத்துக்கு x′ = x − 3z + u, y = x. ஆகவே A-யின் முதல் நிரை (1, −3), இரண்டாம் நிரை (0, −2); B-யின் இரண்டு உறுப்புகளும் 1; C = (1, 0); D = 0. அணிக்கோவை (s − 1)(s + 2). சேர்ப்பு அணியின் முதல் நிரை (s + 2, −3) என்பதால் தொகுதி (s + 2) − 3 = s − 1. ஆகவே G(s) = 1/(s + 2). தாளில் எல்லாம் அழகாக முடிந்துவிட்டது. ஆனால் A-யின் ஐகன் மதிப்பு 1 எங்கும் போய்விடவில்லை.

அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, d = x − z என்று எடுத்துக்கொண்டு வகைக்கெழுக் காணுங்கள். d′ = (x − 3z + u) − (−2z + u) = x − z = d. u முற்றாக நீங்கிவிட்டது. நீங்கள் எந்த உள்ளீட்டைக் கொடுத்தாலும் d-ஐத் தொட முடியாது. அது தன்போக்கில் eᵗ என்று வளரும். வகுப்பில் நாம் கன்ட்ரோலபிலிட்டி இல்லை என்று சொல்வது இதைத்தான்: [B AB] அணியின் இரு நிரைகளும் (1, −2) என்று ஒரே மாதிரி வருவதால் அதன் அணிக்கோவை சுழியாகிறது. தொடக்கத்தில் x = 0.01, z = 0 என்று ஒரு சிறு விலகல் இருந்து, u-வும் சுழியாக இருந்தால், y ஐந்தாம் நொடியில் ஏறத்தாழ 1.5, பத்தாம் நொடியில் ஏறத்தாழ 220. பரிமாற்றுச் சார்பு தொடக்க நிலைகளைச் சுழியாகக் கொண்டே வரையறுக்கப்படுவதால், இந்த வளர்ச்சியை அது காட்ட வழியே இல்லை. கண்மாய்க் கணக்கில் வெளியீட்டின் பக்கம் குறை, இங்கே உள்ளீட்டின் பக்கம் குறை. இரண்டிலும் ஒரு காரணி அடிபட்டது.

இதே கணக்கில் இன்னொரு தவறையும் சொல்லியாக வேண்டும். sI − A எழுதும்போது மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள உறுப்புகளின் குறியை மாற்ற மறந்து, +3 இருக்க வேண்டிய இடத்தில் −3 என்றே விட்டுவிடுகிறார்கள். A முக்கோண அணி என்பதால் அணிக்கோவை மாறாது. எனவே பகுதி சரியாக வந்து நம்பிக்கை தருகிறது. தொகுதி மட்டும் s + 5 ஆகிவிடுகிறது. அடிபட வேண்டியது அடிபடாமல் போக, y-யில் u-வால் கிளப்ப முடியாத ஒரு துருவத்தை u கிளப்புவதாகக் காட்டும் விடை கிடைக்கிறது. இதைப் பிடிக்க எளிய வழி s = 0 இட்டுப் பார்ப்பது: G(0) = −CA⁻¹B + D. நம் அணிகளுக்கு அது 0.5, 1/(s + 2) கொடுப்பதும் 0.5. பிழையான விடையோ −2.5 தருகிறது. A-யின் ஐகன் மதிப்புகளுள் சுழி இருந்தால் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. அப்போது s-க்கு வேறொரு மதிப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கணினியில் போடும்போது அடிபடாத வடிவமே முதலில் கிடைக்கிறது:

```
from scipy.signal import ss2tf
import numpy as np
A = np.array([[1., -3.], [0., -2.]])
B = np.array([[1.], [1.]])
C = np.array([[1., 0.]])
D = np.array([[0.]])
print(ss2tf(A, B, C, D))
print(np.linalg.eigvals(A))
```

தொகுதியாக s − 1, பகுதியாக s² + s − 2, ஐகன் மதிப்புகளாக 1, −2 வரும். இதற்கு minreal போன்ற சுருக்கும் கட்டளையைப் போட்டதும் 1 காணாமல் போகிறது. அந்தக் கட்டளை எவ்வளவு நெருக்கமான சுழியையும் துருவத்தையும் ஒன்றாகக் கொள்ளலாம் என்பதை நாம் கொடுக்கும் பிழை எல்லையே தீர்மானிக்கிறது. இயந்திரத்தின் உண்மையான துருவம் 1.01 என்று வைத்துக்கொள்ளுங்கள்; சார்பு (s − 1)/((s − 1.01)(s + 2)) ஆகும். 1.01-இல் அதன் எச்சம் 0.01/3.01, ஏறத்தாழ 0.0033. எண் சிறிதென்றாலும் அதைப் பெருக்குவது e^(1.01t). எல்லையை 0.05 என்று தளர்த்தி இதைச் சுருக்கினால், துருவமும் சுழியும் ஒன்றென்று கட்டளை ஏற்றுக்கொண்டு 1/(s + 2) என்று பதில் சொல்லும். அளந்து பெற்ற கெழுக்களோடு வேலை செய்யும்போது இத்தகைய சிறு வேறுபாடு இருந்தே தீரும். ஆகவே சுருக்குவதற்கு முன்பே eigvals(A) விடையைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, நிலைத்தன்மையை அந்த வரியிலிருந்து மட்டுமே தீர்மானியுங்கள்.