ஒரு மணி நேரக் கணக்கு ஏன் குழம்பியது?

காரைக்குடியில் எங்கள் குடோனில் சரக்கு இறக்க இரண்டே இடம்தான். இரவெல்லாம் ஓடி வந்த லாரிகள் காலை எட்டு மணிக்கே ஏழெட்டு நிற்கும். மதியம் மூன்றுக்கு மேல் லோடுமேன்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், கூலி மட்டும் ஓடும்.

சரி என்று லாரிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். இரண்டே நாளில் குழம்பியது. "அண்ணே, மூட்டையும் பெட்டியும் ஒண்ணா?" என்றார் மேஸ்திரி. கேட் நோட்டைப் புரட்டினேன். நான்கு பேர் இறக்கினால் 200 அரிசி மூட்டைக்கு 70 நிமிடம். பல சரக்கு கலந்த 600 பெட்டியை எண்ணிப் பிரித்து அடுக்க இரண்டரை மணி நேரம்!

அப்புறம் சரக்கைப் பார்த்தே நேரம் கொடுத்தேன். முந்தின நாள் மாலை நான்குக்குள் பில் வாட்ஸ்அப்பில் வர வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் பெட்டி லோடு கிடையாது. பதினொரு மணிக்கு ஓர் இடத்தை ஒன்றரை மணி நேரம் காலியாக விட்டேன். அரை மணிக்கு மேல் பிந்திய மூட்டை லாரி அதில் நுழையும், அடுத்தவர் நேரத்தைத் தின்னாது. பிந்திய பெட்டி லாரிக்கு மதியம்தான்.

இப்போது காலையில் கேட்டில் இரண்டு லாரிக்கு மேல் நிற்பதில்லை. பல ஊரில் இறக்கிவிட்டு வரும் பார்சல் வண்டி மட்டும் சொன்ன நேரத்துக்கு வராது. அதற்கு மூன்று மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லிவிட்டேன்.