ரிஹேப் மையத்துக்குக் கவர் லெட்டர்: பி.பி.டி. முடித்த கையோடு எழுதுவது எப்படி?

பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பை முடித்தவர்கள் அனுப்பும் கவர் லெட்டர்களில் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. எல்லாரும் படித்தது அதே 4 ஆண்டு, செய்தது அதே 6 மாத இன்டர்ன்ஷிப், எழுதுவதும் அதே டெக்னிக் பட்டியல். நீங்கள் நேரில் பார்த்த நோயாளிகள் மட்டும் உங்களுக்கே உரியவர்கள். அதனால் கடிதத்தை ஒரே ஒரு நோயாளியைச் சுற்றிக் கட்டுவோம். பக்கவாதம், தண்டுவடக் காயம் பார்க்கும் ஒரு நியூரோ ரிஹேப் மையத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் எழுதிப் பார்த்தால், வெறும் அலங்கார வரிகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

படி 1: அங்கே யார் படுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

மையத்தின் இணையதளத்தில் இரண்டு விஷயம் போதும். எந்த நோயாளிகள் அதிகம் வருகிறார்கள்? தங்கிச் சிகிச்சை பெறுகிறார்களா, வந்து போகிறார்களா? வாரக்கணக்கில் தங்கும் இடமென்றால் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, கழிப்பறைக்குப் போவது, வீட்டாருக்குப் பயிற்சி தருவது எல்லாமே அன்றாட வேலை. அங்கே போய் ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட், எஸ்.டபிள்யூ.டி. போன்ற வலி குறைக்கும் கருவிகளைக் கையாளத் தெரியும் என்று முதல் பத்தியில் எழுதினால், மூட்டுவலி கிளினிக்குக்கு எழுதிய கடிதத்தை இங்கேயும் அனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

படி 2: லாக்புக்கைத் திறந்து ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

நன்றாகக் குணமானவரைத் தேட வேண்டாம். குறைந்தது மூன்று நான்கு வாரம் நீங்கள் தொடர்ந்து பார்த்தவராக இருக்க வேண்டும். தொடக்கத்திலும் கடைசியிலும் ஒரே அளவுகோலால் அளந்த பதிவு இருக்க வேண்டும். ஏன் இந்தப் பயிற்சியைக் கொடுத்தோம் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். மூன்றும் பொருந்துகிறவர் லாக்புக்கில் ஒன்றிரண்டு பேர்தான் தேறுவார்கள்.

உதாரணத்துக்கு ஒருவர்: ஐம்பதுகளில் இருக்கும் ஆண், இடப்பக்கப் பக்கவாதம், பாதிப்பு வந்து மூன்றாவது வாரத்தில் உங்களிடம் வந்தார். உடல் சமநிலையை அளக்கும் பெர்க் பேலன்ஸ் ஸ்கேலில் 56க்கு 22. நான்கு வாரம் கழித்து 37.

படி 3: அந்தப் பத்தியை எழுதுங்கள்

கடிதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

> பக்கவாத நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டு. பாபாத், பி.என்.எஃப்., எம்.ஆர்.பி. ஆகிய சிகிச்சை முறைகளில் திறமை பெற்றுள்ளேன். என் சிகிச்சையால் பல நோயாளிகள் குணமடைந்தனர்.

இதில் இரண்டு கோளாறு. இரண்டு நாள் பயிலரங்கில் உட்கார்ந்து வந்ததை 'திறமை' என்று எழுதினால், நேர்காணலில் சீனியர் ஒருவர் "சரி, படுக்கையில் புரள வைத்துக் காட்டுங்கள்" என்று சொன்ன நிமிடமே குட்டு வெளிப்பட்டுவிடும். 'என் சிகிச்சையால் குணமடைந்தனர்' என்பது அதைவிடப் பெரிய கோளாறு. பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் மூளை தானாகவே ஓரளவு மீளும். அந்த முன்னேற்றத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று ஒரே நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது. இந்தத் துறையில் இருப்பவருக்கு அது தெரியும். அதனால் நீங்கள் கண்டதையும் செய்ததையும் மட்டும் சொல்லுங்கள். பெருமை எதையும் கோர வேண்டாம்.

இப்போது அதே அனுபவத்தை இப்படி எழுதலாம்:

> நியூரோ போஸ்டிங்கில், இடப்பக்கப் பக்கவாதம் வந்த ஐம்பதுகளில் உள்ள ஒருவரை மேற்பார்வையாளரின் வழிகாட்டலில் நான்கு வாரம் பார்த்தேன். முதல் நாள் பெர்க் மதிப்பெண் 22. உட்கார முடிந்தது, ஆனால் எழும்போது எடை முழுவதும் வலது காலிலேயே இருந்தது. அதனால் நடையை உடனே தொடங்காமல், இருக்கையின் உயரத்தைப் படிப்படியாகக் குறைத்து, இடது காலில் எடை ஏற்றி எழுந்து உட்காரும் பயிற்சியை முன்னால் வைத்தோம். நான்காம் வார முடிவில் மதிப்பெண் 37. ஒருவர் அருகில் நிற்க, ஊன்றுகோலுடன் வார்டுக்குள் நடந்தார். தூக்கிவிடும்போது வீட்டார் அவருடைய இடது கையைப் பிடித்து இழுப்பதைக் கவனித்தேன். தோள்மூட்டு நழுவாமல் இருக்க இடுப்பைப் பிடித்து எழுப்பும் முறையை அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் செய்து காட்டிய பிறகே விட்டேன்.

பாபாத் என்ற சொல் எங்கும் இல்லை, கவனித்தீர்களா? ஆனாலும் இவர் நோயாளியைப் பார்த்து யோசிக்கிறவர் என்று புரிந்துவிடுகிறது. 'அதனால்' என்று தொடங்கும் வாக்கியம்தான் அதைச் செய்கிறது. என்ன கண்டோம், அதனால் என்ன முடிவெடுத்தோம் என்ற இணைப்பு அதில் இருக்கிறது. என்னைக் கேட்டால், கடைசியில் வரும் அந்தத் தோள் விஷயம் மதிப்பெண்ணைவிட மேல். வீட்டார் எப்படித் தூக்குகிறார்கள் என்று கவனிக்கும் புதியவர்கள் குறைவு.

எழுதிய எண்ணுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 37 என்றால் என்ன என்று கேட்பார்கள். பெர்க்கில் 14 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 45க்குக் கீழே இருந்தால் விழும் ஆபத்து உண்டு என்பது வெகுகாலமாகப் புழங்கிவரும் கணக்கு. ஆகவே 37 வந்தவர் இன்னும் தனியாக நடக்கத் தயாராகவில்லை. 'ஒருவர் அருகில் நிற்க' என்ற சொற்களை விட்டுவிட்டால் அந்தப் பத்தியே தவறான படத்தைக் காட்டும். எந்தச் செயல்களில் மதிப்பெண் ஏறியது, எதில் ஏறவில்லை என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நோயாளியின் அடையாளம். பெயர், ஊர், மருத்துவமனை எண், சேர்ந்த தேதி எதுவும் வரக்கூடாது. வயதைச் சரியாகச் சொல்லாமல் 'ஐம்பதுகளில்' என்றால் போதும். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த தொழில் என்றால் அதையும் விடுங்கள். நடை வீடியோவை இணைத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

படி 4: இல்லாததை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்

> தண்டுவடக் காயம் உள்ளவர்களை வார்டு ரவுண்டில் பார்த்திருக்கிறேன், தொடர்ந்து கையாண்டதில்லை. உங்கள் மையத்தில் அவர்களே அதிகம் என்பதால், தொடக்கத்தில் ஒரு சீனியருடன் சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன்.

இதைப் பலர் பலவீனம் என்று நினைத்து மறைக்கிறார்கள். கழுத்துப் பகுதியில் காயம் உள்ளவருக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் எகிறலாம், தலைவலியும் வியர்வையும் வரலாம். சிறுநீர்க்குழாய் மடங்கியிருப்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம். இதைப் பார்த்துப் பழகாதவரை அவர்களோடு தனியாக விட எந்த மையமும் விரும்பாது. உங்கள் எல்லை உங்களுக்குத் தெரியும் என்று காட்டினால், யாருடன் உங்களைப் போடலாம் என்று அவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள்.

படி 5: தொடக்கமும் முடிவும்

இவற்றைக் கடைசியில் எழுதுங்கள். தொடக்கத்துக்கு இரண்டு வரி: எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள், இன்டர்ன்ஷிப் எந்த மாதம் முடிந்தது. பெயர் தெரிந்தால் துறைத் தலைவருக்கே எழுதுங்கள். தெரியாவிட்டால் பதவியைக் குறிப்பிட்டால் போதும்.

முடிவில் அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவதைச் சொல்லுங்கள். பட்டச் சான்றிதழ் வந்துவிட்டதா, புரொவிஷனல்தானா? கவுன்சில் பதிவு முடிந்ததா, விண்ணப்பித்து வைத்திருக்கிறீர்களா? எந்தத் தேதியிலிருந்து சேரலாம், ஞாயிறு ஷிஃப்டுக்கு வர முடியுமா? உங்களை நேரில் பார்த்த மேற்பார்வையாளர் ஒருவரிடம் உங்களைப் பற்றி விசாரிக்கலாம் என்று எழுதுவதானால், அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். நோயாளியைப் பற்றிய பத்தியையும் அவரிடமே காட்டுங்கள். மதிப்பெண் தவறாக இருந்தால் அவர்தான் பிடிப்பார்.

மொத்தமும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். மிஞ்சினால் நோயாளி பத்தியில் கைவைக்காமல், 'சிறுவயது முதலே சேவை மனப்பான்மை' என்ற வரியை எடுத்துவிட்டு, பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புங்கள்.