மாணவர் தேர்தல் அறிவிப்பில் நாம் செய்யும் தவறுகள்

பள்ளியில் எஸ்.பி.எல். எனப்படும் மாணவர் தலைவர் தேர்தலுக்கு நான் பொறுப்பேற்ற முதல் வருடம், அறிவிப்பை ஐந்தே நிமிடத்தில் எழுதி முடித்தேன். அது இப்படி இருந்தது:

"வரும் வெள்ளிக்கிழமை மாணவர் மன்றத் தேர்தல் நடைபெறும். போட்டியிட விரும்பும் நல்லொழுக்கமுள்ள மாணவ மாணவியர் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்கவும். தலைமையாசிரியரின் முடிவே இறுதியானது."

மூன்றே வரி. அந்த வருடம் வந்த சண்டைகள் எல்லாமே இந்த மூன்று வரியிலிருந்துதான் வந்தன. வாக்குப்பெட்டியிலோ எண்ணிக்கையிலோ ஒரு கோளாறும் இல்லை.

முதலில் "வரும் வெள்ளிக்கிழமை". அறிவிப்பை வியாழக்கிழமை மாலை பலகையில் ஒட்டினோம். மறுநாளே தேர்தல் என்று பாதிப் பேர் நினைத்தார்கள், அடுத்த வாரம் என்று மீதிப் பேர். தேதியும் கிழமையும் சேர்த்து எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. மணியும் வேண்டும். "வெள்ளிக்கிழமைக்குள் மனு தர வேண்டும்" என்றால் காலை பிரேயருக்கு முன்பா, கடைசி மணி அடிப்பதற்குள்ளா, பேருந்து ஏறப் போகும்போது ஆசிரியர் கையில் திணித்தாலும் செல்லுமா? "ஜூலை 4, வெள்ளி, மாலை 4 மணி வரை, பள்ளி அலுவலகத்தில்" என்று எழுதிவிட்டால் வாதத்துக்கு இடமில்லை.

இடமும் முக்கியம். வகுப்பாசிரியரிடம் கொடுக்கச் சொன்னது பெரிய தவறு. ஒருவர் அன்று விடுப்பு. இன்னொருவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மறந்துவிட்டார். இப்போது மனு வாங்குவது ஒரே இடத்தில், ஒரே ஆள். வாங்கியதும் வரிசை எண், தேதி, மணி, நிமிடம் எழுதி, கொடுத்தவரிடமே பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறோம். நிமிடம் எதற்கு என்று கேட்கலாம். முன்மொழிபவர், வழிமொழிபவர் என்று இரண்டு கையெழுத்து கேட்கிறோம் அல்லவா? பிள்ளைகள் நட்புக்காக எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஒரே மாணவி இரண்டு வேட்பாளர்களை முன்மொழிந்தால் எது செல்லும்? "ஒரு பதவிக்கு ஒருவர் ஒரு வேட்பாளருக்கு மட்டுமே கையெழுத்திடலாம், இரண்டு இருந்தால் முதலில் வந்த மனுவில் உள்ளதே செல்லும்" என்பது எங்கள் விதி. அதற்குத்தான் நிமிடக் கணக்கு. கையெழுத்து அடிபட்ட மனுவை உடனே தள்ளிவிடுவதும் கிடையாது. பரிசீலனை நாளன்று வேறொருவரிடம் கையெழுத்து வாங்கிவர ஒரு மணி நேரம் தருகிறோம். அதையும் அறிவிப்பிலேயே எழுதிவிட்டோம்.

இனி தகுதி. "நல்லொழுக்கமுள்ள" என்ற சொல்லைப் போல ஆபத்தானது வேறில்லை. யார் முடிவு செய்வது? ஒரு பையனைப் பற்றி இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். கடைசியில் அவனை நிறுத்தவும் முடியவில்லை, விடவும் மனமில்லை. தகுதி என்பது ஒரு பதிவேட்டைத் திறந்து பார்த்தால் ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "கடந்த கல்வியாண்டில் எழுத்துப்பூர்வமான ஒழுங்கு நடவடிக்கை பதிவாகாதவர்" என்றால் பதிவேடு பேசும், நாம் பேச வேண்டியதில்லை.

எண் வைத்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. அடுத்த வருடம் நான் சாமர்த்தியமாக "75 சதவீத வருகை" என்று எழுதினேன். எப்போதிலிருந்து என்று எழுதவில்லை. பள்ளி திறந்து 15 வேலை நாள்தான் ஆகியிருந்தது. காய்ச்சலில் 4 நாள் படுத்திருந்த ஒரு மாணவிக்கு 15க்கு 11, அதாவது 73 சதவீதம்தான் வந்தது. முந்தைய வருடம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளை அது. சரி, கடந்த ஆண்டு வருகை என்று திருத்தினால் இன்னொரு ஓட்டை தெரிந்தது. பத்தாம் வகுப்பு வரை மட்டும் உள்ள உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்கு நம்மிடம் புதிதாகச் சேர்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு நம் பதிவேட்டில் போன வருடமே கிடையாது. அவர்கள் போட்டியிடலாமா, கூடாதா என்று ஒரு வரி தனியாக வேண்டும். எஸ்.பி.எல். பதவிக்கு ஒரு வருடமாவது இங்கே படித்திருக்க வேண்டும், வகுப்புப் பிரதிநிதி பதவிக்கு அது தேவையில்லை என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். வேறு பள்ளி வேறு மாதிரி வைக்கலாம். எழுதாமல் விடுவதுதான் தவறு.

கட்டண பாக்கியைத் தகுதியோடு முடிச்சுப் போடுவதையும் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அது பெற்றோருக்கும் அலுவலகத்துக்கும் உள்ள விவகாரம். பரிசீலனையில் நாலு பேர் முன்னால் அந்தக் காரணத்தைப் படிக்கப்போவது ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து என்பதை யோசித்தாலே கை நின்றுவிடும்.

தகுதியை முன்கூட்டியே பொறித்து வைக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலைக்கு யார் பெயர் எழுதலாம், யார் எழுதக்கூடாது என்று வயது, நிலம், சொந்த மனை, கணக்குக் காட்டாதவர் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. முதலாம் பராந்தகன் காலத்தில் 919இல் ஒரு விதி. இரண்டே வருடத்தில், 921இல், அதைத் திருத்தி இன்னொரு கல்வெட்டு. முதல் விதியில் ஓட்டை இருந்திருக்கிறது, கண்டுபிடித்ததும் தேதி போட்டு மறுபடி வெட்டிவைத்திருக்கிறார்கள். நாமோ பலகையில் ஒட்டிய தாளிலேயே பேனாவால் அடித்துத் திருத்திவிட்டுப் போய்விடுகிறோம். காலையில் படித்தவனுக்கு ஒரு விதி, மாலையில் படித்தவனுக்கு இன்னொன்று. திருத்தம் வேண்டுமானால் "திருத்தம் 1" என்று தலைப்பிட்டு, தேதியும் கையெழுத்தும் போட்டு, பழைய தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசித்துவிட வேண்டும். மனுத்தாக்கல் முடிந்த பிறகு தகுதி விதியில் கை வைக்கவே கூடாது.

அடுத்தது, எத்தனை பதவி, ஒருவருக்கு எத்தனை வாக்கு. பல பள்ளிகளில் "அதிக வாக்கு பெற்றவர் தலைவர், அடுத்து வந்தவர் துணைத் தலைவர்" என்று வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். 412 வாக்கு பதிவாகி 168, 159, 85 என்று பிரிந்தால் பிரச்சினை இல்லை, இரண்டாவது ஆளுக்கும் நல்ல ஆதரவு இருக்கிறது. அதே 412 வாக்கு 300, 60, 52 என்று பிரிந்தால்? ஆறு பேரில் ஒருவர்கூட வாக்களிக்காத ஒருவர் துணைத் தலைவர் ஆகிறார். தலைவருக்கு வாக்களித்த 300 பேரும் துணைத் தலைவர் யார் என்பதில் ஒரு வார்த்தையும் சொல்ல முடியவில்லை. இரண்டு பதவிக்கும் தனித்தனி மனு, தனித்தனி நிற வாக்குச்சீட்டு என்று வைத்தால் எண்ணும் வேலை அரை மணி நேரம் கூடும், அவ்வளவுதான்.

செல்லாத வாக்கு எது என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். எண்ணும் மேசையில் வைத்து முடிவு செய்தால், ஒவ்வொரு சீட்டுக்கும் முகவர்களாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். நாங்கள் அறிவிப்பின் கீழே ஒரு மாதிரிச் சீட்டு வரைந்து காட்டுகிறோம். கட்டத்துக்குள் டிக் போட்டாலும் பெருக்கல் குறி போட்டாலும் செல்லும். இரண்டு பெயருக்கு எதிரே குறி இருந்தால் செல்லாது. சீட்டில் தன் பெயரையோ கையெழுத்தையோ போட்டால் செல்லாது. இந்தக் கடைசியைப் பிள்ளைகள் நிறையவே செய்கிறார்கள். நண்பனுக்கு வாக்களித்ததற்கு அத்தாட்சியாம்! அத்தாட்சி இருந்தால் ரகசிய வாக்கு இல்லை, கட்டாயப்படுத்தவும் முடியும் என்று ஒருமுறை சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

சமநிலை வந்தால் என்ன என்பதை எழுதாமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். இரண்டு பேருக்கும் 143. தலைமையாசிரியர் யோசித்து ஒரு பெயரைச் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த மாணவனை அந்த வருடம் முழுக்க "ஹெச்.எம். வைத்த ஆள்" என்றே கூப்பிட்டார்கள். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலிலேயே சமமாக வந்தால் குலுக்கல்தான். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எங்கள் அறிவிப்பில் இப்போது இருக்கும் வரி: "வாக்குகள் சமமாக இருந்தால் ஒருமுறை மறு எண்ணிக்கை, அப்போதும் சமமாக இருந்தால் வேட்பாளர்கள் முன்னிலையில் ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர் சீட்டு எடுப்பார்." உத்திரமேரூரிலும் சின்னப் பையனை விட்டுத்தான் ஓலை எடுக்கச் சொன்னார்கள்.

பிரச்சார விதிகளில் வரும் தவறு, அளவில்லாத சொற்கள். "அதிகம் செலவு செய்யக்கூடாது" என்று எழுதினால், ஒரு அப்பா ஃபிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டிவிட்டு "இது எங்களுக்கு அதிகம் இல்லையே சார்" என்பார். "கையால் எழுதிய ஏ4 சுவரொட்டி, ஒருவருக்கு ஐந்து, அலுவலக முத்திரை பெற்றவை மட்டும்" என்று எழுதினால் முடிந்தது. மிட்டாய், பேனா எதுவும் தரக்கூடாது. அப்புறம், விதியை மீறினால் என்ன என்பதையும் படிப்படியாக எழுத வேண்டும். "மீறினால் தகுதி நீக்கம்" என்று ஒன்றே ஒன்றை வைத்திருந்தால், ஆறாவது சுவரொட்டிக்காகத் தகுதி நீக்கம் செய்ய யாருக்கும் மனம் வராது. செய்யாமல் விட்டால், அடுத்து மிட்டாய் கொடுத்தவனையும் கேட்க முடியாது. சுவரொட்டியை அகற்றுவது, ஒரு நாள் பிரச்சாரத் தடை, அதற்கு மேல்தான் தகுதி நீக்கம்.

கடைசியாக, "தலைமையாசிரியரின் முடிவே இறுதியானது". இந்த வரியை நாங்கள் எடுக்கவில்லை, இடம் மாற்றினோம். முதலில் தேர்தல் அலுவலரான ஆசிரியர் காரணத்தை எழுதி முடிவு சொல்வார். ஒப்புக்கொள்ளாதவர் மறுநாள் மாலை 4 மணிக்குள் எழுத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதில் தலைமையாசிரியர் சொல்வது இறுதி. எந்த வேட்பாளருக்கும் வகுப்பாசிரியராக இல்லாதவர்தான் தேர்தல் அலுவலர். சீட்டுகளை எண்ணியதும் கிழித்துப் போடாமல், மேல்முறையீட்டு நேரம் முடியும்வரை உறையில் வைத்து, வேட்பாளர்களின் கையெழுத்தோடு ஒட்டி அலுவலக பீரோவில் வைக்கிறோம்.

இந்த வருட அறிவிப்பு இரண்டு பக்கம் வந்தது. முடிவு அறிவித்த பிறகு வந்த புகார் ஒன்றே ஒன்று: வாக்குச்சீட்டில் ஒரு மாணவியின் இனிஷியல் "எஸ்" என்பதற்குப் பதில் "எம்" என்று அச்சாகிவிட்டது. அவள்தான் ஜெயித்திருந்தாள் என்பதால் தப்பித்தோம். அடுத்த வருடம் இறுதிப் பட்டியலில் ஒவ்வொரு வேட்பாளரும் தன் பெயரைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே சீட்டு அச்சுக்குப் போகும் என்று இப்போதே குறித்து வைத்திருக்கிறேன்.