முறுக்குக்கு விலை வைக்கும்போது விட்டுப்போகும் கணக்கு

எங்கள் தெருவில் ஓர் அக்கா தேன்குழல் சுட்டு விற்கிறார். கால் கிலோ பாக்கெட் 80 ரூபாய். "சாமான் செலவு 47 ரூபாய்தான், மீதி 33 ரூபாய் லாபம்" என்று சொல்வார். அப்படியென்றால் மாதக் கடைசியில் கையில் ஏன் ஒன்றும் நிற்பதில்லை என்று அவரே கேட்டபோதுதான் இருவரும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கீழே வரும் எண்கள் அன்றைக்கு எங்கள் ஊர் விலையில் எழுதியவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சாமான். அவர் ஒரு தடவைக்கு 3 கிலோ பச்சரிசி போடுகிறார். அரிசி 165 ரூபாய், 600 கிராம் உளுந்து 84, வெண்ணெய் 300 கிராம் 180, எள், சீரகம், பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து 60, மில் கூலி 45. இதுவரை தவறு இல்லை. தவறு எண்ணெயில் தொடங்குகிறது. வாணலியில் நாலு லிட்டர் ஊற்றுகிறோம், முடிவில் பாதிக்கு மேல் மிஞ்சுகிறது. சிலர் நாலு லிட்டரையும் செலவில் எழுதிவிட்டு விலையைப் பார்த்துப் பயந்துபோகிறார்கள். சிலர் "எண்ணெய்தான் மிச்சம் இருக்கிறதே" என்று கொஞ்சமாக எழுதிக்கொள்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. ஊற்றும் எண்ணெயை முதலில் எடை போடுங்கள். சுட்டு முடித்து ஆறிய பிறகு, வடிகட்டிய எண்ணெயை மறுபடி எடை போடுங்கள். குறைந்ததுதான் செலவு. அக்காவுக்கு ஒன்றரை லிட்டர் குறைந்தது, அதாவது 240 ரூபாய். மிஞ்சியதும் முழு விலை பெறாது. கறுத்து, நுரை கட்டி, சிக்கு வாடை அடிக்கத் தொடங்கினால் கொட்டத்தான் வேண்டும், அந்த நஷ்டத்தையும் எங்காவது எழுதியாக வேண்டும்.

அடுப்புக்கு 80 ரூபாய் எழுதினோம். வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால் வணிக சிலிண்டர் விலையில் கணக்குப் போட்டோம். ஆக மொத்தம் 854 ரூபாய்.

இதை எத்தனை பாக்கெட்டால் வகுப்பது? இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். மாவின் எடையை வைத்து வகுக்கக் கூடாது. சுடும்போது மாவிலுள்ள ஈரம் போய்விடுகிறது, எண்ணெய் உள்ளே ஏறுகிறது. அன்று வந்தது 4 கிலோ 800 கிராம். அதில் உடைந்தது, கருகியது, முதல் ஈட்டில் பதம் பார்த்தது, குழந்தைகள் எடுத்துக்கொண்டு ஓடியது என 300 கிராம் போனது. விற்க முடிந்தது நாலரை கிலோ, அதாவது 18 பாக்கெட். 854ஐ 18ஆல் வகுத்தால் 47 ரூபாய் 40 காசு. அக்கா சொன்ன 47 சரிதான். ஆனால் அவருடைய கணக்கு அதோடு நின்றுவிட்டது.

உழைப்பு என்று கேட்டதும் சிரித்தார். "வீட்டு வேலைதானே, அதற்கு என்ன கூலி?" என்றார். அரிசி களைந்து நிழலில் உலர்த்தி, மில்லுக்குப் போய், சலித்து, பிசைந்து, பிழிந்து, ஈடு ஈடாகச் சுட்டு, ஆறவிட்டு, எடை போட்டு, ஒட்டி, பாத்திரம் தேய்த்து முடிக்க ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. பிழிந்த நேரத்தை மட்டும் எல்லோரும் எண்ணுகிறார்கள், பாத்திரம் தேய்த்த நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. எந்தக் கூலியில் கணக்கிடுவது என்பதற்கு நான் ஒரே கேள்வியைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்: நாளை உங்களுக்குக் காய்ச்சல் வந்து, இந்த வேலைக்கு ஓர் ஆளை அழைத்தால் என்ன கொடுப்பீர்கள்? அக்கா "மணிக்கு 80 ரூபாய்" என்றார். ஏழு மணி நேரத்துக்கு 560, பாக்கெட்டுக்கு 31 ரூபாய்.

பை 6 ரூபாய், லேபிள் 2. மெல்லிய பாலிதீன் பையில் போட்டால் ஒரு ரூபாயில் முடிந்துவிடும், ஆனால் நாலு நாளில் முறுக்கு நமுத்துவிடும். திரும்பி வரும் ஒரு பாக்கெட்டே அந்தச் சேமிப்பையெல்லாம் தின்றுவிடும். உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணம், அச்சு, வாணலித் தேய்மானம், வண்டிக்குப் பெட்ரோல், திரும்பி வந்தவை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாக்கெட்டுக்கு மூன்றரை ரூபாய் வைத்தோம்.

கூட்டினால் 90 ரூபாய். அவர் விற்றது 80. கூலியை விட்டுவிட்டுப் பார்த்தால் பாக்கெட்டுக்கு அவருக்கு நின்றது 21 ரூபாய், 18 பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 380, மணிக்கு 54. லாபம் என்று அவர் நினைத்திருந்தது தன் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும்தான்.

இப்போது லாபம். "20 சதவீதம் போதும்" என்று 90 மேல் 18 ஏற்றி 108 ரூபாய் என்று எழுதுவது வழக்கம். அது அடக்க விலையில் 20 சதவீதம். விற்ற காசில் பார்த்தால் பதினேழுகூட இல்லை. நேரில் விற்கும்வரை இந்த வேறுபாடு பெரிதாகக் கடிக்காது, கடைக்குப் போகும்போது கடிக்கும். ஏனென்றால் கடைக்காரர் தம் பங்கை அடக்க விலையில் கேட்பதில்லை, பாக்கெட்டில் அச்சிட்ட விலையில் கேட்கிறார். அக்காவிடம் ஒரு கடை 25 சதவீதம் கேட்டது. அவர் தாராளமாக 120 ரூபாய் அச்சிடலாம் என்று நினைத்தார். 120இல் கடைக்கு 30, அக்காவுக்கு 90. சரியாக அடக்க விலை. லாபம் சுழியம்.

கடைக்கு 25, தனக்கு 15 என்றால் விற்பனை விலையில் 40 சதவீதம் போய்விடுகிறது, மீதி 60 சதவீதத்தில்தான் 90 ரூபாய் அடங்க வேண்டும். 90ஐ 0.6ஆல் வகுத்தால் 150. கடைக்குப் போட்டால் நேரில் வாங்குபவருக்கும் அதே விலைதான். வாசலில் 110க்குக் கொடுத்தால் கடைக்காரர் அடுத்த முறை வாங்க மாட்டார். மேலும் வாசலில் விற்பதற்கும் போன் பேசி, கொண்டுபோய்க் கொடுக்கும் நேரம் செலவாகிறது.

போட்ட விலையை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விடுவதும் ஒரு தவறு. 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரி உயர்ந்தபோது தீபாவளிக்கு முன்பே எண்ணெய் விலை ஏறியது. லிட்டருக்கு 30 ரூபாய் ஏறினால் அக்காவின் ஒரு தடவைக்கு 45 ரூபாய், பாக்கெட்டுக்கு இரண்டரை ரூபாய். சிறியதாகத் தெரியும், ஆனால் 80 ரூபாய்க்கு விற்றவருக்கு மிஞ்சிய 21இல் அது எட்டில் ஒரு பங்கு. எண்ணெயும் வெண்ணெயும் வாங்கும் ஒவ்வொரு முறையும் நோட்டில் விலையை எழுதிவைத்தால் போதும்.

"கால் கிலோ 150க்கு எங்கள் பக்கம் வாங்க மாட்டார்கள்" என்றார் அக்கா. அது உண்மைதான், அதற்காகக் கூலியை வெட்டுவதும் வெண்ணெயை டால்டாவாக்குவதும் வழியல்ல. 3 கிலோவுக்குப் பதில் ஒரே நாளில் 6 கிலோ போட்டுப் பார்த்தோம். மில்லுக்கு ஒரே நடை, வாணலி காய ஒரே தடவை. பதினான்கு மணி நேரம் ஆக வேண்டியது பதினொன்றில் முடிந்தது. பாக்கெட்டையும் 200 கிராம் ஆக்கினோம். சாமான் 38, கூலி இருபதுக்குச் சற்றுக் குறைவு, பையும் மற்றதும் பதினொன்றரை. மொத்தம் 69 ரூபாய், 0.6ஆல் வகுத்தால் 115. இப்போது 120 ரூபாய் அச்சிடுகிறார். பை பழைய அளவுதான் என்பதால், 200 கிராம் என்பதை லேபிளில் விலைக்குப் பக்கத்திலேயே பெரிதாகப் போடச் சொன்னேன்.