கொழுப்பு நீங்கலான எடை: மருந்தளவுக் கணக்கில் நேரும் தவறுகள்

கொழுப்புத் திசுவுக்கு ரத்த ஓட்டம் குறைவு. மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வேலையும் பெரும்பாலும் கல்லீரல், சிறுநீரகத்தில்தான் நடக்கிறது. அதனால் ஒருவரின் எடை இரண்டு மடங்கானால், மருந்தை வெளியேற்றும் திறனும் இரண்டு மடங்காகிவிடாது. சில மருந்துகளுக்கு மொத்த எடையை விட்டுவிட்டு, கொழுப்பு நீங்கலான எடையை உயரத்திலிருந்தும் எடையிலிருந்தும் கணக்கிடுவது இதனால்தான்.

எந்தச் சூத்திரமானாலும் சரி என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. 1976-இல் வந்த ஜேம்ஸ் சூத்திரம் பெண்களுக்கு இப்படி இருக்கும் (W கிலோவில் எடை, H செ.மீ.யில் உயரம்):

```
1.07 × W − 148 × (W/H)²
```

158 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குப் போட்டுப் பாருங்கள். எடை 60 கிலோ என்றால் விடை 43. 90 கிலோ என்றால் 48. 120 கிலோ என்றால் மறுபடியும் 43! எடை கூடக்கூட, கழிக்கப்படும் பகுதி வர்க்கமாக வளர்ந்து கூட்டலை விழுங்கிவிடுகிறது. எடையை மீட்டரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் பிஎம்ஐ, பெண்களில் ஏறத்தாழ 36, ஆண்களில் 43 தாண்டியதும் இந்தச் சரிவு தொடங்கும்.

இது காகிதத்தோடு நின்றுவிடும் பிழை அல்ல. மயக்க மருந்தான புரோபோஃபாலைச் செலுத்தும் பம்புகளில் உள்ள ஷ்னைடர் கணக்குமுறை ஜேம்ஸ் சூத்திரத்தையே நம்பியிருக்கிறது. அங்கே கொழுப்பு நீங்கலான எடை தவறாகக் குறைந்தால், உடல் மருந்தை வேகமாக வெளியேற்றுகிறது என்று பம்பு கணித்து, தேவைக்கு மேல் செலுத்தும்.

2005-இல் வெளியான ஜன்மஹாசத்தியன் சூத்திரத்தில் இந்தச் சரிவு இல்லை:

```
9270 × W / (8780 + 244 × BMI)
```

அதே 120 கிலோ பெண்ணுக்கு இது 54 கிலோ தருகிறது. ஆண்களுக்கு கீழ்ப்பகுதி 6680 + 216 × BMI என்று மாறும். பிஎம்ஐ போடும்போது உயரத்தை மீட்டரில் வைக்க வேண்டும், ஜேம்ஸில் செ.மீ. இரண்டையும் கலந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சரியான எண் கிடைத்ததும் அதை எல்லா மருந்துக்கும் போட்டுவிடுவது அடுத்த தவறு. மூச்சுக்குழாய்க்குள் செயற்கைக் குழாயைச் செலுத்தும் முன் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலினை, உடற்பருமன் உள்ளவர்களுக்கும் மொத்த எடைக்கே கணக்கிடுகிறார்கள். அதைச் சிதைக்கும் நொதியும் செல்லுக்கு வெளியேயுள்ள நீரும் பருமனோடு கூடுவதே காரணம். கிலோவுக்கு 1 மி.கி. என்றால் இந்தப் பெண்ணுக்கு 120 மி.கி. வேண்டும், 54 கொடுத்தால் குரல்நாண் முழுதாகத் தளராமல் குழாய் செலுத்துவது சிரமமாகும். ஆகவே, எந்த எடைக்கு எழுதப்பட்ட அளவு என்பதை ஒவ்வொரு மருந்துக்கும் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

இந்தச் சூத்திரங்களால் வயிற்றில் தேங்கிய நீரையும் பிரித்தறிய முடியாது. அதே உயரத்தில் 60 கிலோ இருந்த பெண்ணுக்கு 10 லிட்டர் நீர் சேர்ந்தால், ஜன்மஹாசத்தியன் விடை 38-இலிருந்து 41.5 ஆகிவிடும். கல்லீரலோ தசையோ வளரவே இல்லை. இத்தகையவர்களுக்கு நீர் சேர்வதற்கு முந்தைய எடையையும், டயாலிசிஸ் செய்பவர்களுக்கு நீர் எடுத்த பிறகான எடையையும் கேட்டு வாங்கிக் கணக்கில் போடுவது நல்லது.