கிரைண்டர் வாங்க வந்தவரிடம் என்ன கேட்பது, எதைக் காட்டுவது?

வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ ஒரு எலெக்ட்ரிக் சாமான் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஒரு அக்கா வந்து மிக்ஸி கிரைண்டர்களுக்கு முன்னால் நிற்கிறார். பெட்டியில் அச்சடித்திருப்பதை அப்படியே ஒப்புவிக்கத்தான் வாய் வரும்: 750 வாட், மூன்று ஜார், மூன்று வேகம், ஸ்டீல் பிளேட். இதில் எது தன் சமையலுக்கு உதவும் என்பதை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை நாம் செய்து கொடுக்க வேண்டும்.

முதலில், பெட்டியைத் தொட முன் கேளுங்கள்

"எவ்வளவுக்குள்ள பார்க்கிறீங்கள்?" என்று தொடங்க வேண்டாம். ஒரு தொகை வாயில் வந்துவிட்டால் பேச்சு முழுக்க அதைச் சுற்றியே ஓடும். "தோசைக்கு அரைப்பீங்களா?" என்பதும் போதாது. "ஓம்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். வீட்டில் இப்போது இருப்பதைப் பற்றிக் கேளுங்கள்.

"இப்ப வீட்டில எதில அரைக்கிறீங்கள் அக்கா? அதில என்ன கரைச்சல்?"

"பழசு ஒண்டு கிடக்கு தம்பி. உழுந்து அரைக்கேக்க சூடாகி நிண்டு போகுது."

"எத்தனை பேருக்கு அரைக்கிறீங்கள்?"

"நாங்கள் நாலு பேர். கிழமைக்கு ரெண்டு தரம் தோசை. சம்பல் எண்டால் ஒவ்வொரு நாளும். அதுவும் பெரிய ஜாரில சுத்திச் சுத்தி ஒட்டிக்கொண்டு நிக்கும், அரைபடாது."

இவ்வளவு போதும். ஐந்தாறு கேள்வியை அடுக்கினால் விசாரணை மாதிரி ஆகிவிடும். ஒரு பதிலில் இருந்தே அடுத்த கேள்வியை எடுங்கள்.

அடுத்தது, கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்

"அப்ப உழுந்து அரைக்கேக்க நிக்கக்கூடாது, கொஞ்சச் சம்பலும் அரைபட வேணும். சரிதானே அக்கா?" விட்டுப்போனது ஏதாவது இருந்தால் இந்த இடத்தில்தான் வெளியே வரும். "ஓம், ஆனால் சத்தமும் கூடாது, பக்கத்து வீட்டில சின்னப் பிள்ளை" என்று சொன்னால், அதுவும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இனித்தான் சாமானைக் காட்டுவது

அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில், அவ்வளவுதான். கெட்டியான மாவைச் சுழற்ற மோட்டாருக்குப் பலம் வேண்டும். அதனால் 500 வாட்டை விட 750 வாட் அவருக்குப் பொருந்தும். கிரைண்டரைத் திருப்பி அடியில் இருக்கும் சிவப்பு பட்டனைக் காட்டுங்கள். சுமை கூடினால் மோட்டார் எரியாமல் அதுவே நிறுத்திவிடும். ஆறவிட்டு அமத்தினால் திரும்ப ஓடும். அவருடைய பழைய கிரைண்டர் நின்றதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அதை மறைக்காமல் சொல்லுங்கள். பழசிலும் பட்டன் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் இன்றைக்கு ஒரு விற்பனை போகலாம், ஆனால் அடுத்த சாமானுக்கு அவர் உங்களிடம்தான் வருவார்.

சம்பலுக்குச் சின்ன ஜார். அதை அவர் கையிலேயே கொடுங்கள். உள்ளே பார்த்தால் இடம் குறுகலாகவும் பிளேட் அடியோடு ஒட்டியும் இருக்கும். கொஞ்சமாகப் போட்டாலும் பிளேட்டில் படுகிறது. பெரிய ஜாரில் அந்த அளவு சுவரில் ஏறி ஒட்டிவிடும். முடியுமானால் ஒரு பிடி தேங்காய்ப்பூ வைத்திருந்து ஒருமுறை அரைத்துக் காட்டுங்கள். அப்போது சத்தமும் அவர் காதாலேயே கேட்டுவிடும். மெல்லிய சத்தம் என்று வாயால் சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. மிக்ஸி வகை எல்லாமே சத்தம் போடும்.

ஜூஸ் ஜாரைப் பற்றி? அவர் ஜூஸ் என்ற சொல்லையே எடுக்கவில்லை. விடுங்கள், கேட்டால் சொல்லலாம்.

நீங்கள் பேசும்போது அவர் பார்வை பக்கத்து மொடலுக்கோ போனுக்கோ போனால், தேவையில்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வசனத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு, "வேற என்னத்துக்குப் பாவிப்பீங்கள் அக்கா?" என்று திரும்பக் கேளுங்கள். அவர் கை ஜாரைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தால், அதைப் பற்றியே இன்னும் கொஞ்சம் பேசலாம்.

பொருந்தாவிட்டால்

பத்துப் பேர் கூட்டுக் குடும்பம், ஒருநாள் விட்டு ஒருநாள் இட்லி மாவு என்றால், மிக்ஸியை அவர் தலையில் கட்டிவிட வேண்டாம். அவ்வளவு மாவுக்குக் கல் உருளும் வெட் கிரைண்டர்தான் சரி. மாவும் அதிகம் சூடாகாது.

பில் போட முன்

வீட்டுச் சுவரில் வட்டத் துளை பிளக்கா, சதுரத் துளை பிளக்கா என்று கேளுங்கள். கொழும்பில் பழைய வீடுகளில் வட்டத் துளைதான் இன்னும் இருக்கிறது. பொருந்தாவிட்டால் அவர் தளர்ந்த அடாப்டர் ஒன்றில் செருகுவார், அது சூடாகும். பிறகு கடையில் ஒருமுறை ஓட்டிக் காட்டி, வாரண்டி அட்டையில் திகதியையும் கடை முத்திரையையும் அவர் கண் முன்னாலேயே போட்டுக் கொடுங்கள்.